ஓட்டுக் கூரைக்கு எந்தக் கட்டர்? பி.வி.சி., தகரம், அலுமினியம், அல்லது கட்டரே இல்லாமல்

கூடலூர், பந்தலூர் பக்கம் கூரை வேலை செய்கிறவன் நான். ஏப்ரல், மே வந்தால், இறவாரத்தில் மழைநீரை ஏந்திக் கொண்டுபோகும் கட்டரைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான்: "அண்ணே, பி.வி.சி. போடலாமா, தகரம் போடலாமா, அலுமினியம் போடலாமா?" ஜூன் முதல் வாரத்தில் மழை இறங்குவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். கடைக்காரர் ஒன்று சொல்வார், மேஸ்திரி ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டில் ஒன்று போட்டிருப்பார்கள். கடைசியில் எது கையில் கிடைக்கிறதோ அதை மாட்டிவிட்டு, ஜூலையில் சுவரில் ஈரம் ஏறியபின் மறுபடி கூப்பிடுவார்கள்.

கட்டரை எங்கள் பக்கத்தில் பலர் பாத்தி என்கிறார்கள். இலங்கையில் பீலி. பெயர் எதுவானாலும் தீர்மானிக்க வேண்டியது இரண்டு விஷயம்: எவ்வளவு தண்ணீரைத் தாங்க வேண்டும், எந்தப் பொருளில் செய்ய வேண்டும். எல்லாரும் இரண்டாவதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் நான் சரிசெய்யப் போன வீடுகளில் பெரும்பாலும் பொருள் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் இறங்கும் வாய் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதில்தான் தப்பு இருந்தது.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். கடும் மழையின் பத்து நிமிடத்தைத் தாங்குமா? எத்தனை இணைப்புகள் வரும்? கசிவு எப்போதும் இணைப்பில்தான் தொடங்கும். வெயில், உப்புக் காற்று, குரங்கு, இலை, இவற்றில் உங்கள் வீட்டுக்கு எது எதிரி? பழுதானால் சரிசெய்ய ஆள் உள்ளூரில் உண்டா? கடைசியாக, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஏணி வைத்து ஏறிச் சுத்தம் செய்ய வீட்டில் யாராவது இருக்கிறார்களா?

விலை இந்த வரிசையில் இல்லையே என்று கேட்பீர்கள். மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம் என்பதால்தான் அதைத் தனியாக வைக்கவில்லை. கொக்கிகள், மூலைத் துண்டுகள், இறக்குக் குழாய், கூலி, மரப் பலகை மாற்றுவது எல்லாம் சேர்ந்தால் கட்டரின் விலை மொத்தத்தில் பாதிகூட வராமல் போகும். அதனால் விலை கேட்கும்போது "பிராக்கெட், மூலை, இறக்குக் குழாய், ஃபிட்டிங் கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று ஒரே தொகையாகக் கேளுங்கள்.

## முதலில் தண்ணீர்க் கணக்கு

2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. அந்தச் செய்தியைக் காட்டி "இவ்வளவுக்கும் தாங்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 82 செ.மீ.யை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரியாக மணிக்கு 34 மி.மீ. வருகிறது. சுமாரான கட்டரே அதைத் தாங்கிவிடும். கட்டரைத் தோற்கடிப்பது நாள் முழுக்கப் பெய்த அளவு இல்லை. நடுவில் பத்து நிமிடம் வானம் பிளந்து கொட்டுகிறதே, அதுதான். நாள் மழை 8 செ.மீ.தான் பெய்த ஒரு மாலையில்கூட அந்தப் பத்து நிமிடம் வரும்.

அதை நீங்களே அளந்துவிடலாம். பக்கவாட்டு நேராக இருக்கும் ஒரு டப்பாவை முற்றத்தில் வைத்து, கனமழையில் சரியாக 10 நிமிடம் விடுங்கள். ஸ்கேல் வைத்துப் பார்த்து இரண்டரை செ.மீ. நின்றால் அது மணிக்கு 150 மி.மீ. வேகம். நான் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்க வீடுகளுக்கு இந்த 150-ஐத்தான் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். சமவெளியில் 100 வைப்பவர்கள் உண்டு. திண்ணையில் வழிந்தால் பெரிய நஷ்டமில்லை என்றால் அதுவும் போதும்.

அடுத்து கூரையின் பரப்பு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். கணக்கு அவ்வளவு எளிது. ஆனால் சாய்வுக் கூரைக்கு ஒரு சேர்க்கை உண்டு. மழை செங்குத்தாக விழுவதில்லை, காற்றோடு சாய்ந்து அடிக்கும். நிமிர்ந்து நிற்கும் கூரை அதைக் கூடுதலாக ஏந்தும். அதனால் கூரையின் கிடை அகலத்தோடு அதன் உயரத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பந்தலூர் பக்கம் நான் வேலை செய்த வீடு, மங்களூர் ஓடு, இரண்டு பக்கச் சாய்வு. வீட்டின் நீளம் 12 மீட்டர், அதாவது 40 அடி. ஒரு பக்கச் சாய்வின் கிடை அகலம் இறவாரத்தோடு சேர்த்து 4.5 மீட்டர். இறவாரத்திலிருந்து முகடு வரை உயரம் 2.4 மீட்டர். அதில் பாதி 1.2. ஆக 12 × 5.7 = 68 சதுர மீட்டர். மணிக்கு 150 மி.மீ. என்றால் மணிக்குச் சுமார் 10,260 லிட்டர், அதாவது விநாடிக்கு 2.85 லிட்டர். 20 லிட்டர் பக்கெட் ஏழே விநாடியில் நிரம்பும் வேகம் இது. ஒரு பக்கத்துக்கு மட்டும்!

இனி கட்டர் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். ஐரோப்பியக் கணக்கு முறைப்படி, ஏறத்தாழ மட்டமாக வைத்த அரைவட்டக் கட்டர் 100 மி.மீ. அகலம் என்றால் விநாடிக்கு 0.78 லிட்டர், 125 மி.மீ. என்றால் 1.36 லிட்டர், 150 மி.மீ. என்றால் 2.1 லிட்டர் கொண்டுபோகும். அகலம் ஒன்றரை மடங்கானால் கொள்ளளவு இரண்டே முக்கால் மடங்காகிறது. 4 அங்குலத்துக்கும் 6 அங்குலத்துக்கும் விலை வித்தியாசம் பார்த்துத் தயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது அந்த வீட்டில் ஒரே மூலையில் ஒரு குழாய் வைத்தால்? 2.85 லிட்டரும் ஒரே திசையில் ஓடி வர வேண்டும். 150 மி.மீ. கட்டர்கூட தோற்கும். குழாயை நடுவில் வைத்தால், அல்லது இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று வைத்தால், கட்டரின் ஒவ்வொரு பாதியிலும் 1.43 லிட்டர்தான் ஓடும். 150 தாராளமாகப் போதும், 125 மயிரிழையில் தோற்கும். அதே இரண்டு குழாய்களை முனைகளில் வைக்காமல், முனையிலிருந்து 3 மீட்டர் உள்ளே தள்ளி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் இரு பக்கமிருந்தும் தண்ணீர் வரும், ஒவ்வொரு துண்டிலும் 0.71 லிட்டர்தான் ஓடும். 125 மி.மீ. கட்டர் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாங்கும். குழாய்ச் செலவு அதேதான், இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆனால் 3 மீட்டர் உள்ளே என்றால் குழாய் ஜன்னலுக்குப் பக்கத்தில் இறங்கும், முகப்பு அழகு கெடும் என்று வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். நியாயமான தயக்கம்தான். அப்படியானால் முகப்பில் முனைகளில் வைத்து 150 கட்டர் போடுங்கள், பின்பக்கம் உள்ளே தள்ளி வைத்து 125 போடுங்கள். அந்த வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

இறக்குக் குழாயைப் பொறுத்தவரை கடையில் கிடைப்பது கழிவுநீர், மழைநீர் இறக்கப் பயன்படும் 75, 90, 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். குழாய்கள். செங்குத்துக் குழாய் நாம் நினைப்பதைவிட நிறையத் தண்ணீரை விழுங்கும். தடை வருவது அதன் வாயில். கட்டரில் தண்ணீர் மூன்றரை செ.மீ. உயரம் நிற்கும்போது 75 மி.மீ. வாய் விநாடிக்குச் சுமார் 2 லிட்டர்தான் இழுக்கும். 1.43-க்கு அது போதும், வாயில் ஓர் இலைகூட இல்லாதவரை. எங்கள் ஊரில் அப்படி ஒரு நாள் கிடையாது. நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அட்டவணை இந்த அடைப்பையும் மனதில் வைத்ததுபோல் கறாராக இருக்கும்: 100 மி.மீ. குழாய் ஒன்றுக்கு, மணிக்கு 150 மி.மீ. மழையில், 28 சதுர மீட்டர் கூரைதான். நம் வீட்டின் ஒரு பக்கத்துக் கிடைப் பரப்பு 54 சதுர மீட்டர். ஆக, கடையில் அதற்கு ஈடான 110 மி.மீ. குழாய்கள் இரண்டு. இரண்டு வழியிலும் விடை ஒன்றாக வந்தால் எனக்கு நிம்மதி. நான் 75-ஐ வாசல் போர்ட்டிகோவுக்கு மட்டும்தான் வைக்கிறேன்.

## பி.வி.சி. கட்டர்

ரெடிமேடாக 3 மீட்டர் நீளத்தில், ரப்பர் சீல் வைத்த இணைப்புகளோடு வருவது. துருப்பிடிக்காது, எடை குறைவு, இரண்டு பேர் ஒரு நாளில் ஒரு வீட்டை முடித்துவிடலாம். கடலோரத்துக்கு, உதாரணமாகக் கன்னியாகுமரிக் கரையோர ஓட்டு வீடுகளுக்கு, இதைத் தாண்டி நான் யோசிக்க மாட்டேன். உப்புக் காற்றுக்கு இதன்மேல் எந்த வேலையும் இல்லை.

இதன் பலவீனம் நீள்வது. 12 மீட்டர் ஓட்டத்தில், மழை நாளின் குளிருக்கும் ஏப்ரல் வெயிலுக்கும் இடையில் 25 டிகிரி வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட 2 செ.மீ. நீண்டு சுருங்கும். அதற்காகத்தான் இணைப்புகளில் 'இதுவரை நுழை' என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அவசரத்தில் ஃபிட்டர் கடைசி வரை தள்ளிவிட்டால் வெயிலில் நீள இடமில்லாமல் கட்டர் நடுவில் பாம்பு மாதிரி நெளியும், சீல் பிதுங்கும். மார்ச்சில் மாட்டியது ஜூனில் சொட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான்.

வெயில் இன்னொன்று. வெயில் நேராக அடிக்கும் மேற்குப் பக்கம் சில ஆண்டுகளில் நிறம் மங்கும், பிறகு நொறுங்கும் தன்மை வரும். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது என்றால் அந்தக் கட்டருக்கு வயதாகிவிட்டது. அந்த நிலையில் ஏணியைச் சாய்த்தால் உடையும், குரங்கு குதித்தாலும் உடையும். எங்கள் பகுதியில் குரங்கைக் கணக்கில் எடுக்காமல் பி.வி.சி. போடக் கூடாது. போடுவதானால் கொக்கிகளை 60 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள்.

மலிவு வழி ஒன்றும் நடைமுறையில் உண்டு. 160 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். குழாயை நீளவாக்கில் அறுத்து இரண்டு கட்டர் எடுப்பது. கொள்ளளவு 6 அங்குல அரைவட்டத்துக்குச் சமம், விலை மிகக் குறைவு. அறுத்தவுடன் விளிம்புகள் உள்பக்கம் சுருண்டு நிற்கும், அதைத் தட்டைக் கம்பிக் கொக்கியில் இழுத்து உட்கார வைக்க வேண்டும். இணைப்புகளை எல்லாம் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டால் நீள வழியில்லை. மாட்டுக் கொட்டகைக்கும், 5, 6 மீட்டர் ஓட்டத்துக்கும் நல்ல வழி. வீட்டு முகப்புக்கு வேண்டாம்.

## தகரக் கட்டர்: ஜி.ஐ., கலர் ஷீட்

பட்டறையில் ஷீட்டை வளைத்துச் செய்வது. எங்கள் பக்கத்தில் இன்னும் பெரும்பான்மை இதுதான். அதற்குக் காரணமும் உண்டு: நமக்கு வேண்டிய அளவில் செய்துகொள்ளலாம். கடையில் கிடைக்கும் அரைவட்டம் 150-க்கு மேல் போவது அரிது. பட்டறையில் 6 அங்குல அகலம், 4 அங்குல ஆழத்தில் பெட்டி மாதிரி வளைத்தால் அதே அகல அரைவட்டத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் போகும். பெரிய கூரை, இரண்டு சாய்வுகள் உள்மூலையில் கூடி ஒரே இடத்தில் கொட்டும் கூரை, இவற்றுக்குத் தகரப் பெட்டிக் கட்டர்தான் என் தேர்வு.

ஆனால் 24 கேஜைவிட மெல்லிய தகரத்துக்கு இறங்காதீர்கள், கேஜ் எண் கூடினால் தகரம் மெலியும். 26 கேஜில் செய்து காசு மிச்சம் பிடித்த கட்டர்கள் இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், அதில் இலை ஊறும், ஊறிய இலைக்கு அடியில்தான் முதல் ஓட்டை விழும்.

பட்டறை மெஷினில் வளைப்பது பெரும்பாலும் 8 அடித் துண்டு. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவையும் கணக்கில் எடுத்தால் 12 மீட்டருக்கு ஆறு துண்டு, ஐந்து இணைப்பு. இணைப்பைச் செய்வதில்தான் வேலையின் தரம் தெரியும். மேட்டுப் பக்கத் துண்டு உள்ளேயும் பள்ளத்துப் பக்கத் துண்டு வெளியேயும் இருக்க, மூன்று நான்கு அங்குலம் ஏறி உட்கார வேண்டும். இரண்டு தகரத்துக்கும் நடுவில் சீலன்ட் தடவி, அப்புறம் இரண்டு வரிசை ரிவெட் அடிக்க வேண்டும். பலர் ரிவெட் அடித்துவிட்டு மேலே சிலிக்கான் பூசுவார்கள். அது முதல் மழைக்காலம் தாங்கும். இரண்டாவதில் தோல் மாதிரி உரிந்து வரும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இந்த ஒன்றை மட்டும் பாருங்கள்.

துரு வெட்டு விளிம்பில் தொடங்கும். கலர் ஷீட்டை அதிவேகக் கட்டிங் வீல் வைத்து அறுத்தால் பொறி பட்டு விளிம்பில் பூச்சு எரிந்துவிடும், கத்தரியால்தான் வெட்டச் சொல்ல வேண்டும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள ஷீட்டுக்குச் சிமென்ட் ஈரம் ஆகாது. முகட்டு ஓட்டுக்குப் புதிதாகக் கலவை வைக்கும் வேலை இருந்தால் அதை முடித்துக் கழுவிவிட்டபிறகு கட்டரை மாட்டுங்கள்.

இரவில் சத்தம் வரும். தகரத்தில் தண்ணீர் கொட்டும் சத்தத்தில் தூக்கம் வராதவர்கள் படுக்கையறைப் பக்கத்துக்கு வேறு யோசிக்கலாம்.

## அலுமினியம்

மெஷின் வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, சுருளிலிருந்து கட்டரை ஒரே நீளமாக இழுத்துத் தருவதுதான் இதில் சிறப்பு. 12 மீட்டருக்கு இடையில் ஓர் இணைப்பும் இல்லை. மூலையிலும் குழாய் வாயிலும் மட்டும்தான் கசிய வழி உண்டு. துரு கிடையாது. நீள்வது பி.வி.சி.யில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும்.

செலவு மற்றவற்றைவிடக் கூடுதல். அதைவிடப் பெரிய சிக்கல், வண்டி வர வழி வேண்டும். எஸ்டேட் பாதையில் ஜீப் மட்டுமே ஏறும் வீடுகளுக்கு இது நடக்காது. அப்போது நீளத் துண்டுகளாக வாங்கி இணைத்தால் இணைப்பில்லாத ஆதாயம் போய்விடும், விலை மட்டும் நிற்கும். பழுதுக்கும் அதே ஆட்கள்தான் வர வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் இதைத் தொட மாட்டார்கள்.

ஏணி நேராகச் சாய்ந்தால் நசுங்கும். நசுங்கிய இடம் முன்விளிம்பு என்றால் அங்கேதான் முதலில் வழியும். ஏணியின் மேல்பக்கம் சுவரில் ஊன்றும் கவை வைத்துத்தான் ஏற வேண்டும். இன்னொன்று, கடலோரத்தில் அலுமினியக் கட்டரைச் சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டு மாட்டினால் உப்பு ஈரத்தில் ஸ்குரூவைச் சுற்றி அலுமினியம் அரிக்கும்.

சுத்தம் செய்ய அடிக்கடி ஆள் கிடைக்காத வீடு, பிள்ளைகள் வெளியூரில் இருக்க வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, வண்டி வர வழி உள்ள வீடு, இவற்றுக்கு நான் அலுமினியத்தைத் தயங்காமல் சொல்வேன்.

## கட்டரே இல்லாமல்

இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், விற்க எதுவும் இல்லை. ஆனால் பழைய ஓட்டு வீடுகள் பல இப்படித்தான் நூறு மழையைத் தாண்டின. இறவாரம் இரண்டரை, மூன்று அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். தண்ணீர் விழும் கோட்டுக்கு நேர்க் கீழே சிமென்ட் வாய்க்காலோ, ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பிய பள்ளமோ வேண்டும். ஜல்லி இருந்தால் தெறிப்பது குறையும். வெறும் தரையில் விழுந்தால் சேறு தெறித்துச் சுவரின் அடிப்பகுதி ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் நிறமாகும், பூச்சு ஊறி உதிரும்.

வீட்டுக்கு மேலேயே சில்வர் ஓக் கவிந்து நிற்கிறது, வெட்ட முடியாது என்றால் நான் இதைத்தான் சொல்கிறேன். அந்த இலை சீக்கிரம் மட்காது. நனைந்தால் பாய் மாதிரி பின்னிக்கொண்டு குழாய் வாயை மூடும். மேலே வலை போட்டால் வலைமேல் படிந்து, மழை அதன்மேல் வழுக்கிக்கொண்டு கட்டரைத் தாண்டிப் போய்விடும். வாரம் ஒருமுறை ஏறினால்தான் அங்கே கட்டர் கட்டராக இருக்கும். வாசற்படிக்கு மேலே மட்டும் 3 மீட்டர் கட்டர் வைத்து, மற்ற இடத்தைத் தரையில் விடுங்கள்.

இறவாரம் ஒன்றரை அடிதான், அல்லது வீடு இரண்டு மாடி, அல்லது மழைநீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும் என்றால் இந்த வழி இல்லை. நம் கணக்கு வீட்டில் ஒரு செ.மீ. மழைக்கு ஒரு பக்கம் 540 லிட்டர் கிடைக்கும். கோடையில் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அதைத் தரையில் விட மனம் வராது.

## ஒரே பார்வையில்

| | பி.வி.சி. | தகரம் (24 கேஜ்) | அலுமினியம் (ஒரே நீளம்) | கட்டர் இல்லாமல் |
|---|---|---|---|---|
| 12 மீட்டரில் இணைப்பு | 3 | 5 | 0 | – |
| பெரிய அளவு கிடைப்பது | 150 மி.மீ. வரை | வேண்டிய அளவு | மெஷின் அச்சு அளவு மட்டும் | – |
| கடலோரம் | நல்லது | வேண்டாம் | ஸ்குரூ சரியானால் நல்லது | நல்லது |
| கடும் வெயில் | நொறுங்கும் | தாங்கும் | தாங்கும் | – |
| குரங்கு, ஏணி | உடையும் | தாங்கும் | நசுங்கும் | – |
| உள்ளூர்ப் பழுது | எளிது | எளிது | கடினம் | மண்வெட்டி போதும் |
| மறைந்திருக்கும் செலவு | சீல், கொக்கி மாற்றுவது | பெயின்ட், சீலன்ட் | மெஷின் வண்டி வாடகை | வாய்க்கால், சுவர் அடிப்பூச்சு |

## எந்தப் பொருளானாலும் கெடுக்கும் மூன்று தவறுகள்

வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு இது. ஒரு வீட்டில் கட்டரை மாட்டியபோது முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஒரு விரல்கடை உயரமாக நின்றது. பார்க்க நேராகத்தான் தெரிந்தது. ஜூலையில் இரவு பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா போன் செய்தார், "தம்பி, கட்டர் போட்டதுக்கு அப்புறம்தான் உள்சுவர் நனையுது" என்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் வாயில் ஒரு பலா இலை ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டர் நிரம்பி, தாழ்ந்த பின்விளிம்பு வழியாகக் கைமரத்தின்மேல் ஓடி, சுவர் உச்சியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் இலைதான். அன்றிலிருந்து முன்விளிம்பு ஒரு செ.மீ. தாழ்வாக இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்க்காமல் நான் ஏணியிலிருந்து இறங்குவதில்லை. எந்தக் கட்டரும் என்றாவது ஒரு நாள் நிரம்பும். அன்று வெளியே வழிய வேண்டும், வீட்டுக்குள் வழியக் கூடாது.

இரண்டாவது, கொக்கி. 150 மி.மீ. அரைவட்டம் நிரம்பினால் மீட்டருக்கு கிட்டத்தட்ட 9 கிலோ. 12 மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல், அதுவும் ஊறிய இலை சேராமல். ஒரு மீட்டருக்கு ஒரு கொக்கி வைத்து இறவாரப் பலகையில் அரை அங்குல ஆணி அடித்தால் இந்த எடையில் பிடுங்கிக்கொண்டு வரும். 60 செ.மீ.க்கு ஒன்று என்றால் ஒரு பக்கத்துக்கு 21 கொக்கி. முடிந்தவரை பலகையில் அடிக்காமல் கைமரத்தின் முனையிலேயே ஸ்குரூ போடுங்கள். பலகையைச் சாவியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அதை மாற்றிவிட்டுத்தான் கட்டர்.

மூன்றாவது, வாட்டம். குழாயை நோக்கி மீட்டருக்கு 3 மி.மீ. போதும், 6 மீட்டர் ஓட்டத்துக்கு 2 செ.மீ. டியூப் லெவல் வைத்து இரண்டு முனையையும் குறித்து, நூல் கட்டி, நடுக் கொக்கிகளை நூலைத் தொட வையுங்கள். கண்ணளவில் வாட்டம் கொடுத்தால் பழைய வீட்டு இறவாரமே ஒரு பக்கம் இறங்கியிருப்பது தெரியாமல் போய், தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடும். அதிக வாட்டமும் வேண்டாம். ஒரு முனையில் கட்டர் ஓட்டைவிட்டு மிகவும் கீழே போய்விடும், வேகமாக வரும் தண்ணீர் அதைத் தாண்டிக் குதிக்கும். ஓட்டின் நுனி கட்டருக்குள் சுமார் 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் சரி.

மாட்டி முடித்தவுடன் குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, கட்டரை விளிம்பு வரை தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் முதலில் வழிகிறது, எந்த இணைப்பு சொட்டுகிறது, எந்தக் கொக்கி இறங்குகிறது, மூன்றும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் துணியை எடுத்துவிட்டு, குழாய் கீழே எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். மலையில் மண்ணை வெட்டி மட்டம் செய்து கட்டிய வீடு என்றால், வெட்டிய சரிவின் தலையிலோ, கீழ்ப்பக்கம் நிரப்பிய மண்ணின் விளிம்பிலோ அந்தத் தண்ணீர் விழக் கூடாது. குழாயை நீட்டி, கல் பதித்த வாய்க்காலில் விட்டு, பாறையோ ஓடையோ இருக்கும் இடம் வரை கொண்டுபோங்கள். கூலியை முழுதாகக் கொடுப்பது இதற்குப் பிறகு.